கணக்கு எப்போது தொடங்குகிறது? பராமரிப்புச் சேவைக்கு மின்னஞ்சலில் வரையறை பேசி முடித்தல்

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கட்டணம் எவ்வளவு, தவணை எப்போது, ஜி.எஸ்.டி. தனியா சேர்த்தா என்பதெல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். பழுது வந்தால் எத்தனை நேரத்தில் சரியாகும் என்ற இடத்தில் மட்டும் "புகார் கிடைத்தவுடன் விரைந்து கவனிக்கப்படும்" என்று ஒற்றை வரி நிற்கும். அந்த வரியை எடுத்துவிட்டு அங்கே எண்களை வைப்பதுதான் சேவை வரையறை. எந்த வகைப் பழுதுக்கு எத்தனை நிமிடத்தில் ஆள் பேச வேண்டும், எத்தனை மணி நேரத்தில் வேலை மறுபடி ஓட வேண்டும், ஓடாவிட்டால் கட்டணத்தில் எவ்வளவு குறையும் என்ற மூன்று கேள்விகளுக்கும் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விடை அதில் இருக்கும்.

பெரிய நிறுவனங்களில் இதை வழக்கறிஞர்கள் நாற்பது பக்கத்துக்கு எழுதுவார்கள். நடுத்தர நிறுவனங்களில் மேலாளரும் வெண்டரும் மின்னஞ்சல்களில் பேசி முடிக்கிறார்கள். மின்னஞ்சலில் முடிந்தது என்பதற்காக அதன் வலு குறைவதில்லை. மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 10ஏ பிரிவு சொல்கிறது. டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்கில் பாக்சைட் விற்பனை மின்னஞ்சல்களிலேயே பேசி முடிந்திருந்தது. முறையான ஒப்பந்தத் தாளில் கையெழுத்தாகவில்லை. ஆனாலும் ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. எனவே மின்னஞ்சலில் எழுதும் வரி ஒவ்வொன்றும் ஒப்பந்த வரிதான் என்ற நினைப்போடு எழுத வேண்டியிருக்கிறது.

எல்லா விற்பனையாளரிடமும் இப்படிப் பேச இடமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமேசான் போன்ற பெரிய கிளவுடு நிறுவனங்கள் தங்கள் வரையறையைத் தாங்களே எழுதி இணையத்தில் வைத்துவிடுகின்றன. சிறு வாடிக்கையாளர் அதில் ஒரு வரியையும் மாற்ற முடியாது. ஊரிலேயே இருக்கும் சர்வர் பராமரிப்பாளர், பில்லிங் மென்பொருள்காரர், கேமரா, யு.பி.எஸ்., நெட்வொர்க் பார்ப்பவர் ஆகியோரிடம்தான் பேரம் பேச இடமுண்டு. அந்த வட்டத்துக்குள் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டால் விவகாரம் விளங்கும்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் என்று கொள்ளலாம். ஒரு சர்வர். அதில் வருகைப்பதிவு, பீஸ்ரேட் கணக்கு, சம்பளம், இன்வாய்ஸ் எல்லாம் ஒரே மென்பொருளில் ஓடுகின்றன. சர்வரையும் மென்பொருளையும் பார்த்துக்கொள்ள உள்ளூர் வெண்டருக்கு மாதம் ரூ.60,000. அந்த ஊரில் தொழிலாளருக்கு வாரச் சம்பளம், கொடுக்கும் நாள் சனிக்கிழமை. வரையறையில் வரும் பல எண்களுக்கு இந்தச் சனிக்கிழமையே காரணமாக இருக்கப்போகிறது.

முதலில் பழுதின் தரத்தைப் பிரிக்க வேண்டும். பொதுவாக வெண்டர் அனுப்பும் வரைவில் "சர்வர் நின்றால் முதல் நிலை, மென்பொருள் பிழை இரண்டாம் நிலை, மற்றவை மூன்றாம் நிலை" என்று இருக்கும். இது இயந்திரத்தின் பக்கமிருந்து போட்ட கோடு. வேலை நடக்கும் பக்கமிருந்து பார்த்தால் கோடு வேறிடத்தில் விழுகிறது. சம்பளப் பகுதி மட்டும் திறக்கவில்லை, மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால் செவ்வாய்க்கிழமை காலையில் அது பொறுக்கக்கூடிய தொந்தரவு. அதே பழுது சனிக்கிழமை மதியம் வந்தால் வாசலில் பல நூறு பேர் காத்துக்கொண்டிருப்பார்கள். சரக்கு லாரியில் ஏறிய பிறகு இன்வாய்ஸ் வரவில்லை என்றால் இ-வே பில் எடுக்க முடியாது, லாரி கிளம்பாது, தூத்துக்குடியில் கன்டெய்னர் நேரம் தவறும். அதனால் எந்த வேலை எந்த நேரத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் தரம் எழுத வேண்டும்.

இந்த நிறுவனத்துக்குப் பொருந்தும் வாசகம் இப்படி அமையும்: "சனிக்கிழமை பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை சம்பளக் கணக்கு ஓடாதிருத்தல், எந்த வேலை நாளிலும் இன்வாய்ஸ் எடுக்க முடியாதிருத்தல், சர்வர் முழுவதும் நின்றிருத்தல் ஆகியவை முதல் நிலை. ஒரு பிரிவின் வேலை மட்டும் நின்று மற்றவை நடந்தால் இரண்டாம் நிலை. ஒருவருடைய கம்ப்யூட்டர் மட்டும் பாதிக்கப்பட்டாலோ, அறிக்கையின் வடிவம் தவறாக வந்தாலோ மூன்றாம் நிலை." அரசின் இ-வே பில் தளமே நின்றுபோனால் அது வெண்டர் கணக்கில் வராது என்பதையும் இங்கேயே எழுதிவிடுவது நியாயம்.

தரத்தை யார் முடிவு செய்வது? பழுது நடந்துகொண்டிருக்கும்போது அது முதல் நிலையா இரண்டாம் நிலையா என்று போனில் வாதிடுவதுதான் இந்தத் துறையில் அன்றாடம் காணும் காட்சி. புகார் கொடுப்பவர் சொல்லும் நிலையிலேயே வேலையைத் தொடங்க வேண்டும், மறுப்பு இருந்தால் மாதக் கடைசியில் பேசிக்கொள்ளலாம் என்பது ஒத்துவரக்கூடிய ஏற்பாடு. எல்லாவற்றையும் முதல் நிலை என்று கத்தும் வாடிக்கையாளரும் உண்டு என்பதால், ஒரு மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் தவறாக முதல் நிலை குறித்தால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்று வெண்டர் கேட்டால் ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

அடுத்தது நேரம். நேரத்தில் மூன்று வகை உண்டு. விவரம் தெரிந்த ஆள் பேசும் வரை ஆகும் நேரம் பதில் நேரம். மாற்று வழியிலாவது வேலை மறுபடி ஓடும் வரை ஆகும் நேரம் மீட்பு நேரம். பழுதின் மூலத்தைக் கண்டு நிரந்தரமாகச் சரிசெய்யும் வரை ஆகும் நேரம் தீர்வு நேரம். வெண்டர்கள் முதலில் தாராளமாகக் கொடுப்பது பதில் நேரத்தை. "15 நிமிடத்தில் பதில்" என்ற வரி பார்க்க நன்றாக இருக்கும். புகார் எண்ணோடு தானாக வரும் மெயிலையும் பதிலாக எண்ணிக்கொண்டால் அந்த 15 நிமிடம் ஒருநாளும் தவறாது, ஒரு பழுதும் அதனால் சரியாகாது. எனவே பதில் என்றால் என்ன என்பதையும் எழுத வேண்டும்: "வெண்டரின் பொறியாளர் ஒருவர் தம் பெயரையும் அடுத்துச் செய்யப்போவதையும் சொல்லி, போனிலோ மெயிலிலோ தொடர்புகொள்வது. தானியங்கி மெயில் பதிலாகாது."

வாடிக்கையாளருக்கு உண்மையில் வேண்டியது மீட்பு நேரம். அதைக் கேட்டதும் வெண்டர் தயங்குவார். அந்தத் தயக்கத்தில் பாதி நியாயமானது. மென்பொருள் பிழையின் மூலம் நாலு மணி நேரத்தில் கிடைக்குமா என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் மீட்பு என்பது மூலத்தைக் கண்டுபிடிப்பது அல்ல. நேற்றிரவு பேக்கப்பை இன்னொரு கம்ப்யூட்டரில் ஏற்றிச் சம்பளப் பட்டியலை எடுத்துக் கொடுத்தாலும் மீட்புதான். இதை மெயிலில் சொன்னதும் பேச்சு இளகும். முதல் நிலைக்கு 30 நிமிடத்தில் பதில், 4 மணி நேரத்தில் மீட்பு, 5 வேலை நாளில் தீர்வு என்ற அளவில் இந்த நிறுவனமும் வெண்டரும் உடன்பட்டதாகக் கொள்வோம்.

இந்த 4 மணி நேரத்துக்கு வெண்டர் ஒப்புக்கொள்ளும்போது அவர் பின்னால் இருப்பவர்களையும் கேட்டுவிடுவது நல்லது. சர்வரின் ஹார்டு டிஸ்க் போனால் மாற்று டிஸ்க் தயாரிப்பு நிறுவனத்திடமிருந்துதான் வர வேண்டும், அவர்களுடைய உத்தரவாதத்தில் அடுத்த வேலை நாள் என்று இருக்கிறது என்றால், வெண்டர் எழுதித் தந்த 4 மணி நேரம் காற்றில் எழுதியது. மாற்று டிஸ்க் ஒன்று நிறுவனத்தின் அலமாரியிலேயே இருக்க வேண்டும், அதன் செலவு யாருடையது என்று ஒரு வரி சேர்ந்தால் மட்டுமே அந்த எண்ணுக்கு உயிர் வரும். நேர இலக்கைக் கேட்பதற்கு முன் "இதை எப்படிச் செய்வீர்கள்?" என்று ஒரு மெயில் கேட்டுவிடுவது பின்னால் வரும் பல மனத்தாங்கல்களைத் தவிர்க்கும்.

இனி, எண்களைவிட அதிகமாகச் சண்டை வரும் இடத்துக்கு வரலாம். நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது, எப்போது நிறுத்தி வைப்பது, எந்த மணிகளை எண்ணாமல் விடுவது? ஒரு சனிக்கிழமையை நிமிடக் கணக்கில் பார்த்தால் இதன் எடை தெரியும்.

மதியம் 2.10-க்குச் சம்பளப் பகுதி நின்றுவிட்டது. அதே நிமிடத்தில் நிறுவனத்திலிருந்து வெண்டரின் சப்போர்ட் முகவரிக்கு மெயில் போகிறது. தானியங்கி மெயில் உடனே வருகிறது. 2.55-க்குப் பொறியாளர் போனில் அழைக்கிறார். 3.00 மணிக்கு அவர் தங்கள் கணினியில் புகார் எண் போடுகிறார். 3.30-க்கு அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறார். அதை வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்ததால் 3.50-க்குத்தான் கொடுக்க முடிகிறது. பேக்கப்பிலிருந்து தரவு மீட்கப்பட்டுச் சம்பளப் பட்டியல் மறுபடி ஓடும்போது மணி இரவு 7.15. பணம் கொடுத்து முடிக்கும்போது வாசல் விளக்குகள் எரிந்து வெகு நேரமாகியிருக்கும்.

இலக்கு 4 மணி நேரம். தவறியதா, நிறைவேறியதா? மெயில் வந்து சேர்ந்ததிலிருந்து எண்ணி, பாஸ்வேர்டுக்குக் காத்திருந்த 20 நிமிடத்தைக் கழித்தால் 4 மணி 45 நிமிடம், தவறியது. "புகார் எண் பதிவானதிலிருந்து" என்று வெண்டர் வரைவில் இருந்தால் 3.00 மணியிலிருந்து எண்ண வேண்டும். அப்போது 20 நிமிடம் போக 3 மணி 55 நிமிடம். ஐந்து நிமிடம் மீதமிருக்க நிறைவேறிவிட்டது. "வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை" என்று மட்டும் எழுதியிருந்தால் 6 மணியோடு எண்ணுவது நின்றுவிடும். 3 மணி 30 நிமிடம்தான் ஆகியிருக்கிறது. இந்தக் கணக்கில் வெண்டருக்குத் திங்கட்கிழமை காலையிலும் அரை மணி நேரம் மீதமிருந்தது. நடந்தது ஒன்று, விடைகள் மூன்று. மூன்றும் நேர்மையான கூட்டல் கழித்தலில் வந்தவை.

ஆகவே வரையறையில் இருக்க வேண்டிய வாசகம்: "குறிப்பிட்ட சப்போர்ட் முகவரிக்கு மெயில் வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்து நேரம் எண்ணப்படும். சேவை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8.30 முதல் இரவு 8.30 வரை, சனிக்கிழமை காலை 8.30 முதல் இரவு 10 வரை. வாடிக்கையாளரிடமிருந்து தேவையான ஒன்றை வெண்டர் எழுத்தில் கேட்ட நிமிடம் முதல் அது கிடைக்கும் நிமிடம் வரை எண்ணுவது நிறுத்தி வைக்கப்படும்." எழுத்தில் என்ற சொல் இல்லாவிட்டால் "உங்களிடம் கேட்டிருந்தோமே" என்பது மாதக் கடைசியில் புதிதாக முளைக்கும். வாரம் முழுக்க எண்ணுவதை நிறுத்தி வைத்திருந்த புகார்கள் மாத அறிக்கையில் ஐந்தாறு தென்பட்டால், இந்த வரியை வெண்டர் மறைவிடமாகப் பயன்படுத்துகிறார் என்று அர்த்தம்.

மெயில் எந்த முகவரிக்குப் போகிறது என்பதற்குச் சட்டத்தின் பொருளும் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, பெறுபவர் ஒரு கணினி வளத்தைக் குறித்துக் கொடுத்திருந்தால், மின்னணுப் பதிவு அதற்குள் நுழையும் நேரமே அது கிடைத்த நேரம். அவருடைய வேறொரு கணினி வளத்துக்குப் போனால், அவர் அதை எடுத்துப் பார்க்கும் நேரமே கிடைத்த நேரம். இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை இதுதான் விதி. பழகிய பொறியாளரின் சொந்த மெயிலுக்கும் வாட்ஸாப்புக்கும் புகார் அனுப்பும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. வேலை சீக்கிரம் நடக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் கணக்கு அங்கே தொடங்குவதில்லை. வாட்ஸாப்பில் சொன்னாலும் சப்போர்ட் முகவரிக்கு ஒரு வரி மெயில் போயாக வேண்டும்.

சதவீதத்தில் பேசும் வெண்டர்களும் உண்டு. "மாதம் 99 சதவீதம் சர்வர் ஓடும்" என்ற உறுதி கேட்க இனிமையானது. 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். அதில் ஒரு சதவீதம் 7 மணி 12 நிமிடம். அந்தச் சனிக்கிழமையின் 5 மணி 5 நிமிடத்தை 720-இல் வைத்தால் 99.29 சதவீதம் வருகிறது, இலக்கு நிறைவேறியது. தொழிற்சாலைக்குச் சர்வர் தேவைப்படும் நேரத்தை மட்டும், அதாவது 26 நாளுக்கு நாளொன்றுக்கு 12 மணி வீதம் 312 மணி நேரத்தை அடிப்படையாக வைத்தால் 98.37 சதவீதம். ஆள் யாருமில்லாத நள்ளிரவில் சர்வர் ஓடிக்கொண்டிருந்ததற்கும் சேர்த்து முதல் கணக்கு மதிப்பெண் கொடுக்கிறது. சராசரியிலும் இதே சங்கடம்தான். இருபது புகாரில் பத்தொன்பதுக்கு 20 நிமிடத்திலும் ஒன்றுக்கு 6 மணி நேரத்திலும் பதில் வந்தால் சராசரி 37 நிமிடம். அந்த ஒன்று எந்த நாளில் வந்தது என்பது சராசரியில் தெரியாது. முதல் நிலைப் புகாரை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். மூன்றாம் நிலைக்கு மட்டும் "பத்தில் ஒன்பது" என்ற அளவு போதும்.

இலக்கு தவறினால் என்ன? இங்கே கோபத்தில் எழுதப்படும் வரிகளே அதிகம். "ஒரு மணி நேரத் தாமதத்துக்கு ஒரு லட்சம் அபராதம்" என்று எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலும், ஒரு லட்சம் அப்படியே கைக்கு வந்துவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடே கிடைக்கும். கைலாஷ்நாத் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசி, இழப்பு நேராத இடத்தில் இழப்பீடும் இல்லை என்ற நிலையை எடுத்தது. மாதம் 60,000 வாங்குபவர் ஒரு லட்சம் கொடுக்கப்போவதும் இல்லை. அப்படி எழுதச் சொன்னால் பயந்து கட்டணத்தை ஏற்றுவார், அல்லது விலகிக்கொள்வார்.

நடைமுறையில் நிற்பது கட்டணக் கழிவு. குறைந்த சேவை கிடைத்த மாதத்துக்குக் குறைந்த கட்டணம் என்பதே அதன் தர்க்கம். இந்த எடுத்துக்காட்டில் முதல் நிலைப் பதில் நேரம் தவறினால் மாதக் கட்டணத்தில் 2 சதவீதம், மீட்பு நேரம் தவறினால் 5 சதவீதம், மீட்பு 8 மணி நேரத்தையும் தாண்டினால் 5-க்குப் பதில் 10 சதவீதம், ஒரு மாதத்துக்கு மொத்தம் 20 சதவீதத்துக்கு மேல் போகாது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சனிக்கிழமைக்குப் பதில் 45 நிமிடத்தில் வந்தது, ரூ.1,200. மீட்பு 4 மணி 45 நிமிடம், ரூ.3,000. ஆக மொத்தம் ரூ.4,200. தொழிற்சாலைக்கு நேர்ந்த தொல்லையோடு ஒப்பிட்டால் இது சொற்பம். இழப்பை ஈடுகட்ட இது போதாது, அதற்காக ஏற்பட்டதும் அல்ல. வெண்டரின் லாபத்தில் கைவைப்பதால், அடுத்த சனிக்கிழமை சப்போர்ட் மெயிலை யார் பார்த்துக்கொண்டிருப்பது என்று அவர் அலுவலகத்தில் பேச்சு எழும். அதுவே இதன் வேலை.

கழிவைப் பற்றி வெண்டர் அனுப்பும் வரைவில் ஒரு வரியைத் தேடிப் பார்க்க வேண்டும்: "கழிவு ஒன்றே வாடிக்கையாளருக்குரிய நிவாரணம்." இதை ஒப்புக்கொண்டால், தரவு முழுவதும் அழிந்துபோன நாளிலும் கேட்கக்கூடியது 12,000 ரூபாய்தான் என்று ஆகிவிடும். நேரத் தாமதத்துக்கு மட்டும் கழிவே நிவாரணம், தரவு இழப்புக்கும் பேக்கப் எடுக்காமல் விட்டதற்கும் இது பொருந்தாது என்று திருத்தி அனுப்பலாம். யாருக்கு எழுதினாலும் இந்தத் திருத்தம் ஒன்றுக்காக ஒரு மெயில் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

கழிவை யார் கேட்க வேண்டும் என்பதும் எழுத வேண்டிய ஒன்று. வாடிக்கையாளர் கேட்டால்தான் உண்டு, கெடுவுக்குள் கேட்காவிட்டால் போயிற்று என்பது பெரிய கிளவுடு நிறுவனங்களின் வழி. உள்ளூர் வெண்டரிடம் வேறு மாதிரி கேட்கலாம்: ஒவ்வொரு மாதமும் 3-ஆம் தேதிக்குள் முதல் நிலைப் புகார்களின் நேரப் பட்டியலை வெண்டரே அனுப்பி, கழிவு போக மீதித் தொகைக்கு மட்டும் பில் போட வேண்டும். ஏற்கெனவே பில் போட்டுவிட்டால் கிரெடிட் நோட், அதன் ஜி.எஸ்.டி. கணக்கை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

இங்கே வாடிக்கையாளர் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. கோபத்தில் முழு பில்லையும் நிறுத்தி வைப்பது. உள்ளூர் வெண்டர்கள் பலரும் குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்தவர்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். சேவையில் குறை என்றால் அது நடந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். 4,200 ரூபாய்க்காக 60,000-ஐ நிறுத்தி வைத்தால் வழக்கு வெண்டர் பக்கம் சாய்ந்துவிடும். ஆட்சேபத்தை மெயிலில் சொல்லி, 4,200-ஐக் கழித்து, மீதி ரூ.55,800-ஐயும் அதற்குரிய வரியையும் உரிய நாளில் கொடுத்துவிடுவதே சரி.

இவ்வளவையும் பேசி முடித்த பிறகு, முடிந்துவிட்டது என்பதைக் காட்டும் மெயில் எப்படி இருக்க வேண்டும்? பத்துப் பன்னிரண்டு மெயில்களில் பேச்சு சிதறிக் கிடக்கும். ஒன்றில் 4 மணி என்றிருக்கும், இன்னொன்றில் 6 மணி. "ஓகே சார், பார்த்துக்கலாம்" என்று மூன்றாவது ஒன்று. ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, சம்மதம் முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. "ஒப்புக்கொள்கிறோம், ஆனால் சனிக்கிழமை மட்டும் மாலை 6 வரை" என்று பதில் வந்தால் அது சம்மதம் ஆகாது. புதிதாக ஒரு முன்மொழிவு. அதற்கு வாடிக்கையாளர் தலையாட்டினால் முடிந்தது, மௌனமாக இருந்தால் தொங்கும்.

அதனால் கடைசியில், முந்தைய மெயில்களின் வால் இல்லாமல் புதிதாக ஒன்று எழுதி, எல்லாவற்றையும் எண் போட்டு அதன் உடலிலேயே வைக்க வேண்டும். "இந்த மெயிலில் உள்ள 1 முதல் 9 வரையான நிபந்தனைகள், இதற்கு முன் மெயிலிலும் பேச்சிலும் சொன்ன அனைத்துக்கும் பதிலாக அமையும். மாற்றம் ஏதுமின்றி ஒப்புக்கொள்கிறீர்கள் என்றால் 'ஒன்பதையும் ஒப்புக்கொள்கிறோம்' என்று நிறுவனத்தின் சார்பில் பதில் எழுதவும். நடைமுறைக்கு வரும் நாள் அடுத்த மாதம் 1-ஆம் தேதி." இப்படி ஒரு முடிவுப் பத்தி போதும். பதில் யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். விற்பனைப் பிரதிநிதியின் "நோட்டட்" என்ற ஒரு சொல் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. ஒப்புதலாக அதை எண்ண முடியாது. உரிமையாளரோ, கையெழுத்து அதிகாரம் உள்ளவரோ நிறுவன முகவரியிலிருந்து எழுத வேண்டும். பின்னால் மாற்றம் வந்தாலும் அதே தலைப்பின் கீழ், எந்த எண் நிபந்தனை எப்படி மாறுகிறது என்று சொல்லி, அதே இருவர் ஒப்புக்கொண்டால்தான் செல்லும் என்பது ஒன்பதில் ஒன்றாக இருக்கட்டும்.

அந்த மெயில்களை அழிக்காமல் மூல வடிவிலேயே வைத்திருப்பதும் அவசியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைப் பிரதியாகச் சான்றாக வைக்க உரிய சான்றிதழ் வேண்டும். அச்செடுத்துக் கோப்பில் போட்ட தாள் மட்டும் அப்போது போதாது.

கடைசி நிபந்தனை விலகும் உரிமை. கழிவு மாதாமாதம் போய்க்கொண்டே இருந்தால் வெண்டருக்கு அது பழகிவிடும். தாமதத்தையும் சேர்த்து விலை போட்டுக்கொள்வார். ஆறு மாதத்தில் மூன்று மாதம் முதல் நிலை மீட்பு தவறினால், 30 நாள் அறிவிப்புக் கொடுத்து, மீதி ஆண்டுக் கட்டணம் இல்லாமல் விலகலாம் என்று எழுதுவது வழக்கம். விலகும் உரிமை தாளில் இருந்தால் போதாது. போகும்போது எதை ஒப்படைக்க வேண்டும் என்பதும் கூடவே இருக்க வேண்டும். அட்மின் பாஸ்வேர்டுகள், கடைசி முழு பேக்கப், அதை இன்னொரு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து காட்டியதற்கான ஒரு மணி நேர வேலை, மென்பொருள் உரிமங்களின் விவரம். பேக்கப் திறக்கிறதா என்று பார்க்காமல் விலகியவர்கள், பழைய வெண்டரிடமே திரும்பிப் போக வேண்டியிருந்த கதை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. கடைசி மாதக் கட்டணத்தை இந்த ஒப்படைப்பு முடிந்த நாளில் கொடுப்பதாக முன்கூட்டியே தேதி குறித்துக்கொண்டால், 45 நாள் கெடுவுக்குள் இரண்டும் முடிந்துவிடும்.